பங்கேற்பாளர் முப்பத்தேழு

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை என்றால் கல்லீரல் டாக்டர் படியில்தான் ஏறுவாள். நான்கு மாடி. முழங்கால் கெஞ்சும், மூச்சு வாங்கும், ஆனாலும் லிஃப்ட் இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அன்றைக்குத்தான் லிஃப்ட் மெக்கானிக் பராமரிப்புக்கு வருவார். எதிரில் பட்டால் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ஏதாவது தெரிஞ்சுதா டாக்டர்?"

"இல்லைங்க. இன்னும் இல்ல."

"சரிங்க டாக்டர்."

அவ்வளவுதான். கோபப்பட மாட்டார், அழ மாட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தலைமை மருத்துவரையே நிறைந்த கூட்டத்தில் "புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க, தலையாட்டாதீங்க" என்றவள் அவள். வார்டு நர்ஸுகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ஊசி. அது அவளுக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அப்படிப்பட்டவள் எண்ணெய்க் கறை படிந்த சட்டைக்காரர் ஒருவருக்குப் பயந்து பதினான்கு மாதமாகப் படியேறிக்கொண்டிருந்தாள்.

அவர் மனைவியை முதன்முதலில் வார்டுக்குக் கூட்டி வந்த நாளில் அவள் பேசிய பேச்சு அப்படி. அந்த அம்மாளுக்குக் கண் இரண்டும் மஞ்சளாகிவிட்டிருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு, ஒரு வாரமாக வாந்தி. வேறு என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு மெக்கானிக் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் புட்டியை எடுத்து நீட்டினார். சர்க்கரைக்கான மூலிகை என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், ஊசி இறங்கிவிட்டது.

"கண்ட இலை தழையையும் அரைச்சுத் தின்னுட்டு, கல்லீரலைக் கெடுத்துக்கிட்டு, கடைசியில என்கிட்ட தூக்கிட்டு வாங்க. ரோட்டுல எவன் வித்தான் இதை?"

"ரோட்டுல இல்ல டாக்டர்," என்றார் அவர் மெதுவாக. "மருத்துவக் கல்லூரியில குடுத்தாங்க. பேராசிரியரே எடுத்துச் சொன்னாரு. ஏழு பக்கத்துல கையெழுத்து வாங்கிட்டுதான் குடுத்தாங்க."

புட்டியைத் திருப்பிக் காட்டினார். ஆய்வுக்கு மட்டும் என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே, பங்கேற்பாளர் 37.

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ஆய்வின் ஏற்பாடு எல்லா இடத்திலும் உள்ளதுதான். அறுபத்து நான்கு சர்க்கரை நோயாளிகள். பாதிப் பேருக்கு மூலிகை மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறம், அதே மணம், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. எந்த எண்ணுக்கு எது என்ற விவரம் உறையில் மூடி முத்திரை வைத்திருக்கும். ஒருவருக்கு உயிருக்கு ஆபத்து என்றால் உடனே அந்த உறையைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் புட்டியில் ஓர் அவசரத் தொலைபேசி எண் போட்டிருப்பார்கள்.

அவள் அந்த எண்ணுக்குப் பேசினாள். ஆய்வு ஒருங்கிணைப்பாளராம், ஒரு பெண் எடுத்தாள்.

"முப்பத்தேழு ஆய்வுல இருந்து விலகிட்டாங்களே மேடம். சொந்த விருப்பம்னு எழுதியிருக்கு."

"வாந்தி நிக்கலைன்னு அவங்க போன் பண்ணினப்போ, நிறுத்திடுங்கன்னு சொன்னது நீங்கதானே?"

"நாங்க சொன்னோம். நிறுத்தினது அவங்கதானே மேடம்."

இப்படிப்பட்ட பதிலைக் கேட்டுப் பல்லை நறநறவென்று கடிப்பதைத் தவிர மனிதப் பிறவி என்ன செய்ய முடியும்? உறையைப் பிரிக்கச் சொன்னாள். பேராசிரியர் அனுமதி வேண்டும், அவர் மாநாட்டில் இருக்கிறார் என்று பதில் வந்தது. அடுத்த நாளும் மாநாடு. அதற்கடுத்த நாளும் மாநாடு. இதற்கிடையில் வைரஸ் பரிசோதனைகள் எல்லாம் ஒன்றுமில்லை என்று வந்தன. குடிப்பழக்கம் கிடையாது. பல வருடமாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை ஒன்றைத் தவிர வேறு மருந்தும் கிடையாது. மாற்றுக் கல்லீரலுக்குப் பெயர் பதிந்தாள், வரவில்லை. அந்த அம்மாளுக்கு முதலில் நாள் மறந்தது, பிறகு ஆள் மறந்தது. ஆய்வில் சேர்ந்த எழுபத்து மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள்.

மெக்கானிக் வராந்தாவில் நின்றுகொண்டுதான் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அந்தப் புட்டியில இருந்தது மருந்தா, வெறும் மாவா டாக்டர்?"

"தெரியலைங்க."

"அவளுக்கு இதுல இஷ்டமே இல்ல. பெரிய டாக்டர் சொல்றாரு, சேருன்னு நான்தான் நச்சரிச்சேன். தெனமும் காலையில தண்ணியோட நான்தான் எடுத்துக் குடுப்பேன். மாவுன்னா, சரி, வேற என்னமோ ஆயிடுச்சுன்னு மனசத் தேத்திக்குவேன். மருந்துன்னா அதையும் தெரிஞ்சுக்கணும். ரெண்டுல எதுன்னு தெரியாமதான் டாக்டர் தூக்கம் வரல."

அவள் பேராசிரியருக்கு மூன்று கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. பக்கவிளைவுகளைப் பதியும் மையத்துக்குப் படிவம் அனுப்பினாள், அங்கிருந்து ஒரு பதிவு எண் வந்தது. எண் கொடுப்பதில் மட்டும் யாரும் குறை வைக்கவில்லை. புட்டியில் மிச்சமிருந்த மாத்திரையைச் சோதிக்கச் சொன்னதற்கு, தங்களிடம் அந்த வசதி இல்லை என்று ஆய்வகம் கைவிரித்தது.

பதினான்காம் மாதம் கட்டுரை வெளிவந்தது. பேர்போன மருத்துவ இதழில், பேராசிரியர் முதல் பெயராக. முடிவுரையில் இரண்டே வாக்கியம். இந்த மூலிகை மாத்திரை சர்க்கரையைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கிறது. இது பாதுகாப்பானது. அடுத்த வாரமே மருத்துவமனை வாசலில் இருந்த மருந்துக்கடைக் கண்ணாடியில் பேராசிரியரின் புன்னகையோடு ஒரு விளம்பரம் ஏறிவிட்டது.

அவள் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். அங்கே பொருள் கிடங்குக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறையில், புள்ளியியல்காரர் இருப்பார். டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்டால்கூட "ஒன்று புள்ளி ஐந்து" என்பார். அதனால் அவருக்குத் தசமம் என்று பெயர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. யாருடைய புன்னகையும் அவரை அசைத்ததில்லை.

தசமம் கட்டுரையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர். பத்து நிமிடத்தில் பேனாவை மூடினார்.

"மேடம், இதுல ரெண்டு ஓட்டை. மொத ஓட்டை இது. மூலிகைக் குழுவுக்குச் சர்க்கரை சராசரி புள்ளி அஞ்சு குறைஞ்சிருக்கு. மாவுக் குழுவுக்குப் புள்ளி நாலு குறைஞ்சிருக்கு."

"மாவுக்கும் குறைஞ்சுதா?"

"குறையாதா? ஆய்வுன்னதும் எல்லாரும் வாயைக் கட்டுவாங்க, நடப்பாங்க. இவங்க என்ன பண்ணியிருக்காங்கன்னா, ஒவ்வொரு குழுவையும் அதோட பழைய அளவோட மட்டும் ஒப்பிட்டிருக்காங்க. தற்செயலா வந்ததில்லைங்கற சோதனையில புள்ளி அஞ்சு தேறிடுச்சு, புள்ளி நாலு மயிரிழையில தேறல. உடனே மருந்து ஜெயிச்சுடுச்சுங்கறாங்க. ரெண்டு குழுவையும் நேருக்கு நேர் ஒப்பிடவே இல்ல. ஒப்பிட்டா வித்தியாசம் புள்ளி ஒண்ணு. ஒண்ணுமே இல்ல."

"ஒருத்தன் கோட்டைத் தொட்டான், இன்னொருத்தன் ஒரு விரக்கடை முன்னாடி நின்னுட்டான். அதனால மொதல் ஆளு குதிரைன்னு சொல்றாங்க."

"அதேதான். ரெண்டாவது, விலகினவங்க. மூலிகையில ஏழு பேர், மாவுல ஒருத்தர். அந்த எட்டுப் பேரையும் கணக்குல இருந்தே தூக்கிட்டாங்க. கல்லீரல் பரிசோதனையை ஆரம்பத்துல ஒரு தடவை, பன்னெண்டாவது வாரம் ஒரு தடவை எடுத்திருக்காங்க. நடுவுல உடம்பு கெட்டுப் போனவங்க பன்னெண்டாவது வாரத்துக்கு எங்க வருவாங்க? தாங்கினவங்களை மட்டும் பரிசோதிச்சுட்டு எல்லாரும் தாங்கினாங்கன்னு எழுதியிருக்காங்க."

"இதைத்தான் அச்சுல போட்டிருக்காங்க."

"போடறதுக்கு முன்னாடி மூணு நிபுணருங்க படிச்சுப் பார்த்துச் சரின்னிருக்காங்க, மேடம். மூணு பேர்," என்றார் தசமம், ஏதோ இழவுச் செய்தி சொல்வதுபோல.

ஆசிரியருக்குக் கடிதம் என்று அந்த இதழில் ஒரு பகுதி உண்டு. கட்டுரை வெளிவந்து ஆறு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். நானூறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. கடிதத்தை ஏற்றால், கட்டுரை எழுதியவர்களுக்கு அனுப்பிப் பதில் வாங்கி இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். அத்துடன் விவாதம் முடிந்தது. ஒரு கேள்வி, ஒரு பதில். துணைக்கேள்வி கிடையாது. பெரிய மனிதர்களுக்கென்றே செய்துவைத்த விதி என்று அவள் நினைத்தாள்.

அவள் எழுதிய முதல் வடிவத்தில் பங்கேற்பாளர் 37 இருந்தாள். எண்பது சொல். தசமம் அந்தப் பத்தியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார்.

"புட்டியில என்ன இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"அப்போ இதை எடுத்துடுங்க. அந்தம்மா மாவுக் குழுவா இருந்துட்டா, இது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு மிச்ச எல்லாத்தையும் அடிச்சுடுவாங்க. மொத்தம் நானூத்தி அறுபது சொல்லும் வருது."

அவர் சொன்னது நியாயம்தான். வெட்டினாள். சாவைப் பற்றிய எண்பது சொல்லை எடுத்ததும் கடிதம் பளிச்சென்று, மரியாதையாக, முந்நூற்று எண்பதில் நின்றது. அனுப்பிவைத்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நான்கு மாதம் கழித்துக் கடிதமும் பதிலும் சேர்ந்து வெளிவந்தன. அந்த நான்கு மாதமும் அவள் படியில்தான் ஏறினாள்.

பேராசிரியரின் பதில் இப்படித் தொடங்கியது: 'எங்கள் ஆய்வில் ஆர்வம் காட்டியமைக்கு நன்றி.' அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். ஆர்வமாம்! வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று கூச்சல் போட்டால், எங்கள் வருகையில் ஆர்வம் காட்டியமைக்கு நன்றி என்று திருடன் சொல்வானா? சொல்வான், பேராசிரியராக இருந்தால். அடுத்த பத்தியில் மூலிகை மரபின் பெருமை. அதற்கடுத்த பத்தியில், பெரிய அளவில் மேலும் ஆய்வுகள் தேவை என்ற வழக்கமான சப்பைக்கட்டு. இரண்டு குழுவையும் நேருக்கு நேர் ஏன் ஒப்பிடவில்லை என்ற கேள்விக்கு ஒரு வார்த்தை கிடையாது. வழவழா கொழகொழாவென்று முந்நூறு சொல் ஓடியது.

கடைசியில்தான் அவர் தாராளமாகிவிட்டார். விலகிய எட்டுப் பேரை விட்டுவிட்டோம் என்கிறார்கள், இதோ அவர்களையும் சேர்த்து அறுபத்து நான்கு பேருக்கும் மறுபடி கணக்கிட்டோம், முடிவு மாறவில்லை என்று மார்தட்டியிருந்தார். மறைக்க எதுவும் இல்லை என்று காட்ட ஓர் அட்டவணையும் இணைத்திருந்தார். எட்டு வரி. ஒவ்வொருவருக்கும் எண், எந்தக் குழு, எந்த வாரம் விலகினார், காரணம், பன்னிரண்டாம் வாரச் சர்க்கரை, பன்னிரண்டாம் வார நலன் மதிப்பெண்.

ஐந்தாவது வரியில் அவள் விரல் நின்றது.

37. மூலிகை. ஏழாவது வாரம். சொந்த விருப்பம். சர்க்கரை 7.4. நலன், பத்துக்கு 8.

மூன்று கடிதம் எழுதியும் பிரியாத உறையைப் பெருமையடித்துக்கொள்ளும் அவசரத்தில் பேராசிரியரே பிரித்து அச்சில் போட்டுவிட்டார். அவருக்கு அது தெரியக்கூட இல்லை. அவரைப் பொறுத்தவரை 37 என்பது ஒரு வரி. அதற்குள் ஒரு ஆள் இருப்பாள், அந்த ஆளின் புட்டி எங்காவது ஒரு வீட்டில் இருக்கும் என்ற நினைப்பே அந்த மண்டைக்குள் நுழைந்ததில்லை.

அவள் படியில் ஓட்டமாக இறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனாள்.

"பத்தாவது வாரம் செத்தவங்க, பன்னெண்டாவது வாரம் எப்படி சார் பத்துக்கு எட்டு நல்லா இருப்பாங்க?"

தசமம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பைப் படித்தார். விடுபட்ட அளவுகளுக்குக் கடைசியாக எடுத்த அளவே இறுதிவரை கொண்டுசெல்லப்பட்டது.

"இது ஒரு முறை மேடம். பழைய முறை. ஒருத்தர் நடுவுல வரலைன்னா, கடைசியா வந்தப்போ எடுத்த அளவை அப்படியே கடைசி வரைக்கும் நிரப்பிடறது. ஆறாவது வாரம் அந்தம்மா வந்தப்போ எட்டுன்னு சொல்லியிருப்பாங்க. அந்த எட்டைத் தூக்கிப் பன்னெண்டாவது வாரத்துல போட்டுட்டாங்க."

"செத்தவங்களுக்குமா?"

"ஏன் வரலைன்னு கேட்டாதானே செத்தது தெரியும்? இவங்க கேக்கல. கட்டத்துல எண் காலியா இருந்துது, ரொப்பிட்டாங்க."

அன்று பகலிலேயே இதழாசிரியருக்குத் தொலைபேசி போட்டாள். அவர் பண்பாகப் பேசுகிறவர். இவ்வளவு பண்பை எங்கே வாங்கினார் என்று தெரியவில்லை.

"மிகவும் வருத்தமான விஷயம் டாக்டர். ஆனா ஒரு கட்டுரைக்கு ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு கடிதம்தான். உங்க விவாதம் முடிஞ்சுபோச்சு. வேணும்னா அந்தக் கல்லூரியோட நெறிமுறைக் குழுவுக்கு எழுதிப் பாருங்க."

"அந்தக் குழுவுக்குத் தலைவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? பேராசிரியரோட பழைய மாணவர்."

"அதுல நாங்க தலையிட முடியாது டாக்டர்."

"செத்தவங்களை நல்லா இருக்காங்கன்னு அச்சடிச்சது நீங்க. அதுலயாவது தலையிடுவீங்களா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. எங்கள் விதிமுறைகளை இணையத்தில் பார்க்கலாம் என்றார். அவள் போனை வைத்தாள். அந்த விதிமுறைகளை நிஜமாகவே படித்தாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. பேராசிரியரின் பதிலும் இதழில் வெளிவந்த பொருள்தான், அதைப் பற்றியும் ஆறு வாரத்துக்குள் எழுதலாம் என்று இருந்தது. ஒருவருக்கு ஒரு கடிதம் என்று இருந்தது. எழுதுகிறவர் டாக்டராக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் லிஃப்டில் ஏறினாள். மேலே மோட்டார் அறையில் மெக்கானிக் ஒரு சக்கரத்தின் மேல் விளக்கைப் பிடித்துக் குனிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து துணியில் கை துடைத்தார். கேள்வியைக் கேட்க அவர் வாயைத் திறக்குமுன் அவளே சொல்லிவிட்டாள்.

"மருந்துதாங்க. மாவு இல்ல."

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்தார்.

"நிச்சயமா?"

"அவங்களே போட்டிருக்காங்க. அதுதான் காரணம்னு நூத்துக்கு நூறு என்னால சொல்ல முடியாது. வேற காரணம் எதுவும் என் கைக்குச் சிக்கல. அதை மட்டும் சொல்லலாம்." ஒன்றரை வருடக் கடன் ஒன்று பாக்கி இருந்தது. "மொத நாள் உங்களை நான் பேசினது தப்புங்க. இலை தழைன்னு பேசினேன். நீங்க பெரிய இடத்தை நம்பித்தான் போனீங்க. நான்கூட அந்த இடத்துலதான் படிச்சேன்."

"அதெல்லாம் அன்னிக்கே மறந்துட்டேன் டாக்டர்." பொய். இருவருக்கும் தெரியும். "அவளைப் பத்தி வேற என்ன போட்டிருக்காங்க?"

அவள் காகிதத்தை நீட்டினாள். அவர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து அந்த வரியைப் படித்தார். எட்டு என்றால் என்ன என்று கேட்டார். சொன்னாள். பன்னிரண்டாவது வாரம் என்றால் எந்தத் தேதி என்று கேட்டார். அவள் தேதியைச் சொன்னதும் அவர் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

"அன்னிக்கு அவ போய் பதினொரு நாளாச்சு டாக்டர்."

"ஆமாங்க."

"யாரு இந்த எட்டைப் போட்டது?"

அவள் அந்த முறையை விளக்கினாள், தசமம் விளக்கியதுபோலவே. அவர் முழுவதும் கேட்டார். பிறகு சுவரில் ஆணியில் தொங்கிய பராமரிப்பு ஏட்டை எடுத்துப் பிரித்தார். தேதி, பிரேக் இடைவெளி, கயிற்றின் தேய்மானம், கையெழுத்து.

"எங்ககிட்ட ஒரு பையன்... இல்ல, நாப்பது வயசு ஆளு. போன மாச ரீடிங்கையே இந்த மாசத்துக்கும் எழுதிட்டுப் போயிடுவான். பிரேக்கைப் பார்க்கவே மாட்டான். கண்டுபிடிச்ச அன்னிக்கே கம்பெனியில இருந்து வெளிய தள்ளிட்டாங்க. அவனுக்கு என்னன்னு பேரு வெச்சோம் தெரியுமா? அதை உங்க முன்னாடி சொல்ல முடியாது." ஏட்டை மூடினார். "இவருக்கு பேராசிரியர்னு பேரு."

அவர் சிரிக்கவில்லை. அவள் சிரித்துவிட்டாள், கண்ணில் நீர் வர. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியதை அவள் பார்க்காததுபோல் நின்றாள். கீழே யாரோ பொத்தானை அழுத்த, மோட்டார் உறுமிச் சுற்ற ஆரம்பித்தது.

கடிதத்தை அவரே எழுதினார். தசமத்தின் அறையில் உட்கார்ந்து, பராமரிப்பு ஏட்டில் எழுதும் அதே கையெழுத்தில். திருத்தித் தரட்டுமா என்று அவள் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அவளும் தசமமும் காத்திருந்தார்கள்.

'ஆசிரியருக்கு. உங்கள் இதழில் வந்த பதிலில் பங்கேற்பாளர் 37 பன்னிரண்டாவது வாரம் பத்துக்கு எட்டு நலம் என்று இருக்கிறது. அதற்குப் பதினொரு நாள் முன்பே அவர் இறந்துவிட்டார். இறப்புச் சான்றிதழும் புட்டியின் படமும் இணைத்திருக்கிறேன். ஏழாவது வாரம் வாந்தி என்று போன் செய்தோம். நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். அதைச் சொந்த விருப்பம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் லிஃப்ட் பராமரிக்கிறவன். பார்க்காத அளவைப் பார்த்ததாக எழுதக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் விதி. உங்கள் வேலையில் எப்படி என்று தெரியவில்லை. தெரிவிக்கவும்.'

தசமம் சொற்களை எண்ணினார். பிறகு எண்ணியதற்கு வெட்கப்பட்டவர்போல் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டார்.

இணையப் படிவத்தில் ஏற்றும்போது தசமம் கேட்கக் கேட்க அவர் சொன்னார். கல்வித் தகுதி? ஐ.டி.ஐ. பணியிடம்? பதினொரு கட்டிடத்தின் மோட்டார் அறைகள். ஆய்வுத் துறை? அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னார். காலியாக விட்டால் படிவம் நகராது என்றார் தசமம்.

"காலியா இருந்தா காலின்னுதானே சார் இருக்கணும்? சரி, இல்லைன்னு போடுங்க."

கடைசிக் கட்டத்தில் தசமம் தயங்கினார். "இது எல்லாருக்கும் கேக்கறதுதாங்க. இந்த விஷயத்துல உங்களுக்குத் தனிப்பட்ட நலன் ஏதாவது உண்டான்னு கேக்குது. லாபம், உறவு, அந்த மாதிரி. மறைக்காம சொல்லணும்."

மெக்கானிக் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒற்றை விரலால், அதை மட்டும் தானே தட்டினார்.

ஒரு வாரம் இதழிலிருந்து சத்தமே இல்லை. பிறகு இதழாசிரியர் அவளை அழைத்தார். இந்த முறை பண்பு சற்றுக் குறைவாகவும் பயம் சற்று அதிகமாகவும் இருந்தது. சான்றிதழ் உண்மைதானா, புட்டி இன்னும் பத்திரமாக இருக்கிறதா என்று விசாரித்தார். இரண்டுக்கும் ஆமாம் என்றாள். அடுத்து பேராசிரியரே அழைத்தார். ஒன்றரை வருடமாக மாநாட்டில் இருந்தவர்.

"நமக்குள்ள பேசி முடிச்சிருக்கலாமே டாக்டர்? இதுல ஒரு லிஃப்ட்காரரை எல்லாம் இழுத்து விட்டுட்டீங்களே."

"நான் இழுக்கல சார். நீங்கதான் அவர் மனைவியை ஆய்வுக்கு இழுத்தீங்க. அவரு அதைப் படிச்சுட்டார்."

"அது ஒரு புள்ளியியல் முறை. உலகம் பூரா இருக்கு."

"உலகம் பூரா இருக்கு சார். ஆனா போன் பண்ணி உயிரோட இருக்காங்களான்னு கேக்கறதும் உலகம் பூரா இருக்கு."

அவர் போனை வைத்துவிட்டார். அவளுக்கு ரத்தம் கொதிக்கவில்லை. காலில் ஒட்டிய எதையோ தேய்த்துவிட்டதுபோல் இருந்தது.

ஒன்பது வாரம் கழித்துக் கடிதம் வெளிவந்தது. கூடவே, இந்தக் கட்டுரையின் முடிவுகள் சந்தேகத்துக்குரியவை, விசாரணை முடியும்வரை யாரும் இதை நம்ப வேண்டாம் என்று இதழாசிரியரின் அறிவிப்பு. பழைய மாணவரின் குழு வேறு வழியில்லாமல் மூலிகைக் குழுவிலிருந்து விலகிய மற்ற ஆறு பேரையும் தேடிப் பிடித்துக் கேட்கத் தொடங்கியது. இரண்டு பேர் தங்களுக்கும் கண் மஞ்சளானது, பிழைத்துக்கொண்டோம் என்றார்கள். மருந்துக்கடைக் கண்ணாடியிலிருந்து புன்னகை இறங்கியது, ஒட்டியிருந்த பசை மட்டும் நாலு மூலையிலும் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக்கிடம் கொடுப்பதற்காக அவள் இதழை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். ஏறும்போதே பேராசிரியரின் பழைய பதிலையும் புதிய கடிதத்தையும் ஒருமுறை புரட்டினாள். ஒவ்வொன்றின் அடியிலும், எழுதியவருக்கு அதில் என்ன நலன் என்று பொடி எழுத்தில் ஒரு வரி போடுவது அந்த இதழின் வழக்கம்.

பேராசிரியருடையதன் அடியில், 'நலன் எதுவும் இல்லை' என்று இருந்தது.

மெக்கானிக்கின் கடிதத்துக்கு அடியில், அவர் ஒற்றை விரலால் தட்டியது அப்படியே இருந்தது. 'உண்டு. 37 என் மனைவி. தினமும் காலையில் மாத்திரையை எடுத்துக் கொடுத்தவன் நான்.'